பச்சையாகத் தின்னும் ஸ்வீட் கார்ன்: அத்தையின் பயமும் கதிரின் இனிப்பும்

உடுமலைப்பேட்டைப் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்:

"என் அண்ணன் இந்த வருடம் அரை ஏக்கரில் ஸ்வீட் கார்ன் போட்டிருக்கிறார். ஏழு வயது மகள் தோட்டத்துக்குப் போனால் கதிரை ஒடித்து அப்படியே பச்சையாகக் கடித்துத் தின்கிறாள். நானும் இரண்டு வாய் தின்று பார்த்தேன், கரும்பு மாதிரி இனிக்கிறது. அத்தை பார்த்துவிட்டு, 'பச்சைச் சோளம் விஷம், மாடே செத்துப் போகும்' என்று பயப்படுகிறார். நான் இப்போது ஐந்து மாத கர்ப்பிணி. சந்தையில் வாங்கிய கதிரோ சப்பென்று இருக்கிறது. இனிப்புக்கு ஏதோ ஊசி போடுகிறார்கள் என்றும் பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். பச்சையாகத் தின்னலாமா? இவ்வளவு இனிப்பு எங்கிருந்து வருகிறது?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் தாராளமாகத் தின்னலாம். அப்போதுதான் ஒடித்து, மட்டையை உரித்த ஸ்வீட் கார்ன் முத்துகளில் வேகவைத்துத்தான் போக்க வேண்டும் என்கிற நஞ்சு எதுவும் கிடையாது. ராஜ்மா பயறு அப்படியில்லை. அதைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும், ஏனென்றால் அதிலுள்ள லெக்டின் என்ற புரதம் நன்றாகக் கொதித்தால்தான் செயலிழக்கும். ஸ்வீட் கார்னில் அந்தச் சிக்கல் இல்லை. வெள்ளரிப் பிஞ்சையும் கேரட்டையும் கழுவித் தின்பதுபோல இதையும் தின்னலாம். ஆனால் கடையில் உறைய வைத்து விற்கும் முத்துகளுக்கும், வயிற்றில் குழந்தை இருக்கும் உங்களுக்கும் நான் வேறு பதில் சொல்லப்போகிறேன். அதற்கு முன் உங்கள் அத்தையின் பேச்சுக்கு வருகிறேன், ஏனென்றால் அவர் இல்லாததைச் சொல்லவில்லை.

தமிழில் நாம் இரண்டு பயிர்களைச் 'சோளம்' என்கிறோம். ஒன்று நம் பழைய வெள்ளைச் சோளம், செஞ்சோளம். மற்றொன்று மெக்சிகோ பகுதியில் தோன்றி இங்கே வந்த மக்காச்சோளம். பேச்சில் 'மக்கா' விழுந்துவிட்டதால் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன. மாட்டைக் கொல்வது முதல் சோளம்தான். அதன் இளம்பயிரிலும், அறுத்த தாளிலிருந்து கிளம்பும் மறுதாம்பிலும், மழையில்லாமல் வாடிக் குன்றிய பயிரிலும் தூரின் என்றொரு பொருள் இருக்கிறது. மாடு அந்த இலையை மென்றதும் அது உடைந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிவருகிறது. பசித்த மாடு ஒரு வயிறு மேய்ந்துவிட்டால், சற்று நேரத்திலேயே மூச்சுத் திணறி விழுந்துவிடும். கொங்கு நாட்டில் மாடு வைத்திருந்த வீடுகளில் இதைக் கண்ணால் பார்த்தவர்கள் உண்டு. உங்கள் அத்தை மனதில் நிற்பது அந்தக் காட்சியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஆபத்து இருப்பது வெள்ளைச் சோளத்தின் இளம் இலையிலும் தண்டிலும். உங்கள் மகள் கடிப்பது மக்காச்சோளக் கதிரின் முத்தை. பயிரும் வேறு, தின்னும் பாகமும் வேறு. இதை அவரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். மாட்டைச் சோளக்காட்டுக்குள் விடக்கூடாது என்று அவர் சொல்வதை மட்டும் அப்படியே காப்பாற்றி வாருங்கள்.

பச்சையாகத் தின்ற மறுநாள் மகளின் மலத்தில் முழு முத்துகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். முத்தின் மேல்தோல் பெரும்பாலும் நார்ப்பொருள், அதைச் செரிக்கும் நொதி மனிதக் குடலில் இல்லை. மெல்லாமல் விழுங்கிய முத்து அந்த மஞ்சள் தோலோடு வெளியே வரும். அவித்துத் தின்றாலும் இது நடக்கும். பச்சையாக நாலைந்து கதிர் தின்றால் வயிறு உப்பி வலிக்கலாம், அது நாரின் வேலை. ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு ஒரு கதிர் போதும். வீட்டில் நாலு வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால், பச்சையோ அவித்ததோ, முழு முத்தாகக் கொடுக்காதீர்கள். வழுக்கி மூச்சுக்குழாயில் போய் அடைக்கும் அளவில்தான் அந்த முத்து இருக்கிறது. மசித்துக் கொடுங்கள்.

சரி, இனிப்புக்கு வருவோம். எனக்கு இந்தப் பயிரில் மிகவும் பிடித்த பகுதி இது.

முதலில் ஊசிக் கதையை முடித்துவிடுகிறேன். ஒரு கதிரை எடுத்து முத்து வரிசைகளை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் பதினாலோ பதினாறோ இருக்கும், எப்போதும் இரட்டைப்படையாகவே வரும். ஒரு வரிசையில் முப்பத்தைந்து, நாற்பது முத்து. ஆக ஒரு கதிரில் ஐந்நூறு, அறுநூறு முத்துகள். ஒவ்வொன்றும் தனித்தனி விதை, தனித்தனித் தோலுக்குள் மூடியிருப்பது. ஒரு முத்திலிருந்து இன்னொன்றுக்குச் சாறு போக வழியில்லை. நடுத்தண்டில் ஊசி போட்டாலும் ஒடித்த கதிரில் அந்த நீர் முத்துக்குள் ஏறாது. அறுநூறு முத்துக்கும் தனித்தனியே ஊசி போட்டு, அந்தக் கதிரைச் சந்தை விலைக்கு விற்க யாராலும் முடியாது. மட்டை உரிக்காத கதிரில் மேலிருந்து இனிப்பு எதையும் ஏற்றவும் முடியாது.

இனிப்பு செடியே செய்வது. மக்காச்சோள இலை வெயிலில் தயாரிக்கும் சர்க்கரை, நாம் காப்பியில் போடும் அதே சுக்ரோஸ் வடிவில், தண்டு வழியாக ஓடிக் கதிருக்கு வருகிறது. சாதாரண மக்காச்சோளத்தில் முத்து அந்தச் சர்க்கரையை அப்படியே வைத்துக்கொள்வதில்லை. நொதிகள் அதை உடைத்து, கோத்து, மாவுப்பொருளாக அடுக்கிவிடுகின்றன. விதை நாளைக்கு முளைக்கத் தேவையான உணவு அந்த மாவுதான். அதனால்தான் கோழித்தீவனத்துக்குப் போகும் சோளம் கல் மாதிரி கெட்டியாகவும் இனிப்பில்லாமலும் இருக்கிறது.

ஸ்வீட் கார்னில் இந்த மாவு தயாரிக்கும் வரிசையில் ஒரு நொதி வேலை செய்யாது. தானாக நடந்த ஒரு மரபணு மாற்றம் அது. ஆய்வகத்தில் வேறு உயிரின் மரபணுவைப் புகுத்தித்தான் இது இனிக்கிறது என்று சிலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல. வட அமெரிக்காவில் இரோகுவா மக்கள் இப்படி ஓர் இனிப்புச் சோளத்தை முன்பே வளர்த்து வந்தார்கள். 1779-ல் அது ஐரோப்பியக் குடியேறிகளின் கைக்கு வந்தது. அந்தப் பழைய வகையில் மாவின் கிளைகளைச் சீர்செய்யும் நொதி கெட்டிருக்கும். அதனால் கெட்டி மாவு குறைந்து, நீரில் கரையும் கூழ் போன்ற ஒரு பொருள் சேரும். கடித்தால் பால் போலக் குழகுழவென்று வருவது அந்தக் கூழால்தான். இனிப்பும் நன்றாகவே இருக்கும், ஆனால் ஒடித்த பிறகு வெகுவேகமாகக் குறைந்துவிடும்.

இப்போது நாம் தின்னும் 'சூப்பர் ஸ்வீட்' வகைகளுக்கு வேறொரு தொடக்கம். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் லாக்னன் என்ற மரபியலாளர், காய்ந்தால் திராட்சை போலச் சுருங்கிவிடும் ஒரு சோள விதையை வைத்து ஆய்வு செய்துகொண்டிருந்தார். அந்தச் சுருங்கிய விதை மிகவும் இனிப்பதைக் கவனித்து 1950களில் அதை வெளியிட்டார். அதில் கெட்டிருந்த நொதி, மாவு கட்டும் வேலையின் தொடக்கத்திலேயே வருவது. தொடக்கமே தடைபட்டதால் வந்த சர்க்கரை பெரும்பகுதி சர்க்கரையாகவே தங்கிவிடுகிறது. பழைய இனிப்புச் சோளத்தைவிட இரண்டு மூன்று மடங்கு சர்க்கரை சேரும். உங்கள் அண்ணனிடம் மிச்சமிருக்கும் விதையை வாங்கிப் பாருங்கள். சூப்பர் ஸ்வீட் வகை என்றால் வற்றிப்போய், எடையில்லாமல், கசங்கிய காகிதம் மாதிரி இருக்கும். உள்ளே மாவு இல்லாததால் வந்த சுருக்கம் அது. முளைக்கும்போது சாப்பிடக் கையிருப்பு குறைவு என்பதால் இந்த விதை ஈரமும் சூடும் சரியாக இல்லாவிட்டால் முளைக்கத் தடுமாறும், விலையும் கூடுதல்.

அந்த விதையைப் பற்றிப் பேசும்போது ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். பாக்கெட்டில் வரும் விதை இளஞ்சிவப்போ பச்சையோ வண்ணம் பூசியிருந்தால் அது பூஞ்சை மருந்து கலந்த விதை. இனிக்கும் என்று தெரிந்த பிள்ளை அதையும் வாயில் போடப் பார்க்கும். மீதி விதையைப் பிள்ளை கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கழுவினாலும் அவித்தாலும் அது உணவாகாது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் உண்மையில் எனக்கு முதலில் வந்த கவலை இதுதான்.

சாப்பிடும் அளவில் பார்த்தால் நூறு கிராம் பச்சை ஸ்வீட் கார்னில் சர்க்கரை சுமார் 6 கிராம், தண்ணீர் 76 கிராம். வகையைப் பொறுத்து கூடும், குறையும். அதே எடை வாழைப்பழத்தில் சர்க்கரை 12 கிராம் இருக்கும். பிறகு ஏன் சோளம் இவ்வளவு இனிப்பாகத் தெரிகிறது? அந்தச் சர்க்கரை முத்தின் சாற்றில் கரைந்திருக்கிறது. பல் பட்டதும் தோல் வெடித்து மொத்தச் சாறும் ஒரே நேரத்தில் நாக்கில் விழுகிறது. நாக்கில் ஒட்டி இனிப்பை மறைக்கும் மாவும் அதில் குறைவு, புளிப்பும் இல்லை. நீங்கள் கரும்பு என்று சொன்னது பொருத்தமான ஒப்பீடுதான். கரும்புச் சாற்றில் இருப்பதும் பெரும்பாலும் சுக்ரோஸே, இரண்டும் புல் குடும்பத்துப் பயிர்கள். அவித்த பிறகு வீடெல்லாம் பரவும் அந்தச் 'சோள வாசனை' மட்டும் பச்சைக் கதிரில் இருக்காது. சூடு பட்டால்தான் அந்தக் கந்தகச் சேர்மம் உண்டாகிறது.

இப்போது சந்தைக் கதிர் ஏன் சப்பென்றிருந்தது என்று பார்ப்போம். இதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். எது என்று கதிரை உரித்துப் பார்த்தே சொல்லிவிடலாம்.

முதலாவது, நேரமும் சூடும். ஒடித்த கதிர் செத்துப் போவதில்லை. அது மூச்சு விடுகிறது, தன் சர்க்கரையை எரிக்கிறது, மீதியில் கொஞ்சத்தை மாவாகவும் மாற்றுகிறது. பழைய வகை இனிப்புச் சோளத்தை 30 டிகிரியில் ஒரே ஒரு நாள் வைத்தால் அதன் சர்க்கரையில் 60 சதவீதம் வரை போய்விடும். அதையே 0 டிகிரியில் வைத்தால் ஒரு நாளில் 6 சதவீதம்தான் போகும். நம் ஊரில் நடப்பதை யோசித்துப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு ஒடித்து, மூட்டை கட்டி, தார்ப்பாயின் கீழ் அடுக்குகிறார்கள். குவியல் தானே மூச்சுவிட்டு உள்ளே சூடேறும். கையை நுழைத்துப் பார்த்தால் வெளிக்காற்றைவிடச் சூடாக இருக்கும். மறுநாள் மாலை உங்கள் கைக்கு வரும்போது முப்பத்தாறு மணி நேரம் ஆகியிருக்கும். சூப்பர் ஸ்வீட் வகையில் மாவு கட்டும் வழியே அடைபட்டிருப்பதால் இந்த இழப்பு மிக மெதுவாக நடக்கும், அது இன்று இவ்வளவு பரவியதற்குக் காரணமே இதுதான். ஆனாலும் நீர் வற்றும், சர்க்கரை எரியும். அப்படிப் பழசான கதிரில் அடிக்காம்பு காய்ந்து பழுப்பாகியிருக்கும், மட்டை வெளிறியிருக்கும், முத்தின் தலையில் சின்னக் குழி விழுந்திருக்கும்.

இரண்டாவது, முற்றிப்போனது. கதிர் நுனியில் பட்டு இழை வெளிவந்து மகரந்தம் ஏறிய பிறகு ஏறக்குறைய 18 முதல் 22 நாளில் ஒடிக்க வேண்டும். அப்போது பட்டு கருத்துக் காய்ந்திருக்கும், மட்டை இன்னும் பச்சையாகவே இருக்கும். ஒரு முத்தை நகத்தால் குத்தினால் சாறு தெறிக்க வேண்டும். பழைய வகையில் பால் போல வரும், சூப்பர் ஸ்வீட்டில் கொஞ்சம் தண்ணியாக, தெளிந்து வரும். தண்ணியாக வருகிறதே என்று இன்னும் ஒரு வாரம் செடியிலேயே விட்டுக் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். குத்தினால் சாறே வராமல் மாவு போல நகத்தில் ஒட்டினால், நாள் கடந்துவிட்டது. அந்தக் கதிரில் எல்லா முத்தும் ஒரேபோல் தடித்த தோலோடு இருக்கும்.

மூன்றாவதைப் பலரும் யோசிப்பதில்லை. அது பக்கத்து வயலின் மகரந்தம். சில ஆண்டுகளுக்கு முன் பழனிப் பக்கம் ஒரு விவசாயி, விதைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று ஒரு சாக்குக் கதிரோடு என்னிடம் வந்தார். உரித்துப் பார்த்தால் ஒரே கதிரில் இரண்டு வகை முத்து. சில முத்துகள் மெல்லிய தோலோடு, வெளிர் மஞ்சளாக, இனிப்பாக இருந்தன. அவற்றுக்கு நடுவே அங்கங்கே உருண்டு திரண்ட, ஆழ்ந்த மஞ்சள் நிறமான, மாவு மாவாக உள்ள முத்துகள். எந்த வரிசையில் ஒடித்தவை என்று கேட்டேன். மேற்கு வரப்பை ஒட்டி என்றார். வரப்புக்கு அந்தப் பக்கம் என்ன பயிர்? தீவனச் சோளம், இவர் விதைத்த நாலாம் நாள் விதைத்தது. வயலுக்குப் போய் வரப்பிலிருந்து உள்ளே நடந்து வரிசைக்கு ஒரு கதிராக உரித்துக்கொண்டே போனோம். உள்ளே போகப் போகத் திரண்ட முத்துகள் குறைந்தன. கிழக்குக் கோடியில் ஒன்றிரண்டுதான் இருந்தன. விதையில் தப்பில்லை.

காரணம் இதுதான். கதிரின் நுனியில் தொங்கும் ஒவ்வொரு பட்டு இழையும் ஒரே ஒரு முத்துக்குப் போகிறது. எந்த இழையில் எந்த மகரந்தம் விழுந்ததோ அதற்கேற்ற முத்து உருவாகும். நாம் தின்னும் சதைப்பகுதியில் தாய்ச்செடியின் பங்கு இரண்டு, மகரந்தம் தந்த செடியின் பங்கு ஒன்று. இனிப்பு என்பது ஒரு நொதி இல்லாமையால் வருவது. தீவனச் சோளத்திலிருந்து வேலை செய்யும் மரபணு ஒரு பங்கு வந்துவிட்டாலும், அந்த ஒன்றே நொதியைச் செய்துகொடுத்துவிடும், முத்து மாவாகிவிடும். அதனால் உங்கள் அண்ணன் அடுத்த முறை விதைக்கும்போது சுற்றியுள்ள தீவனச் சோளத்திலிருந்து இருநூறு, முந்நூறு மீட்டராவது தள்ளிப் போடட்டும். இடமில்லையென்றால் இரண்டு வாரம் முன்பின்னாக விதைக்கட்டும், இரண்டும் ஒரே நேரத்தில் பூக்கக்கூடாது. உங்கள் வட்டாரத்தில் கோழிப்பண்ணைகளுக்காக மக்காச்சோளம் நிறையப் போடுவதால் இது உண்மையிலேயே கவனிக்க வேண்டிய விஷயம். இப்படி மகரந்தம் கலந்த கதிரைத் தின்பதால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, சுவைதான் போய்விடும்.

மாவு எவ்வளவு இருக்கிறது என்று வீட்டிலேயே பார்க்க ஆசையிருந்தால், காயத்துக்குப் போடும் அயோடின் மருந்து ஒரு சொட்டு போதும். தீவனச் சோள முத்து ஒன்றையும் ஸ்வீட் கார்ன் முத்து ஒன்றையும் நறுக்கி அதன்மேல் விடுங்கள். மாவு நிறைந்த முத்து கருநீலமாகும், மற்றது அவ்வளவு கருக்காது. மகளுக்குக் காட்டுங்கள், பார்த்து முடித்ததும் இரண்டையும் குப்பையில் போட்டுவிடுங்கள்.

இனி பச்சையாகத் தின்பதில் எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்கிறேன். முத்தில் நஞ்சில்லை, ஆனால் அதன்மேல் கிருமி வந்து உட்காரலாம். மட்டைக்குள் மூடியிருக்கும்வரை முத்து மிகச் சுத்தமான இடத்தில் இருக்கிறது. மண்ணும், பறவை எச்சமும், மருந்துத் தெளிப்பும் பெரும்பாலும் வெளி மட்டையோடு நின்றுவிடும். உரித்ததும் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. முத்தை உதிர்த்தால் இன்னும் மோசம், ஏனென்றால் ஒவ்வொரு முத்தின் அடியிலும் வெட்டுவாய் திறந்து, இனிப்புச் சாறு வெளியே கசிகிறது. கிருமிக்கு அதைவிட நல்ல தீனி வேண்டாம். எனவே தோட்டத்தில் உரித்த கதிரைக் கை கழுவி, கதிரையும் நல்ல தண்ணீரில் அலசி உடனே தின்பது ஒன்று. உதிர்த்துப் பையில் கட்டி, கடையில் வெளியே வைத்திருக்கும் முத்தைப் பச்சையாகத் தின்பது முற்றிலும் வேறு. பின்னதை நான் செய்யமாட்டேன், அவித்துத்தான் தின்பேன்.

உறைய வைத்த பாக்கெட் முத்தைப் பற்றி இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன். நிறையப் பேர் அதைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து, ஐஸ் விட்டதும் சாலட்டில் கொட்டிவிடுகிறார்கள். வெந்நீரில் முக்கித்தானே உறைய வைத்திருக்கிறார்கள், வெந்ததுதானே என்று நினைக்கிறார்கள். ஆலையில் சில நிமிடம் சூடுகாட்டுவது நொதிகளை நிறுத்தி, நிறமும் சுவையும் கெடாமல் வைக்கத்தான். அதற்குப் பிறகு குளிரூட்டும் தண்ணீர், கன்வேயர், பாக்கெட் போடும் இயந்திரம் என்று பல இடங்களில் கிருமி ஏறலாம். ஐரோப்பாவில் அதுதான் நடந்தது. 2015-லிருந்து ஆஸ்திரியா, டென்மார்க், பின்லாந்து, ஸ்வீடன், பிரிட்டன் ஆகிய ஐந்து நாடுகளில் ஆங்காங்கே சிலர் லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவால் நோயுற்றார்கள். 2018 ஜூன் நடுவுக்குள் 47 பேர் பாதிக்கப்பட்டு, அவர்களில் 9 பேர் இறந்திருந்தார்கள். நோயாளிகளின் கிருமியையும் உணவில் கிடைத்த கிருமியையும் மரபணு வரிசை வைத்து ஒப்பிட்டபோது, ஹங்கேரியில் உள்ள ஓர் ஆலையில் உறைய வைத்த சோள முத்தில் வழி போய் நின்றது. சாதாரணக் கிருமிகள் குளிரில் முடங்கும். லிஸ்டீரியா உறைநிலையில் சாகாமல் காத்திருக்கும், ஐஸ் விட்டபின் ஃபிரிட்ஜின் குளிரிலும் மெல்லப் பெருகும். தின்று பல வாரம் கழித்தும் நோய் வரலாம் என்பதால், எதைத் தின்று வந்தது என்று நோயாளிக்கே நினைவிருக்காது.

லிஸ்டீரியா கர்ப்பிணிகளைத் தேடிப் பிடிப்பதுபோலப் பிடிக்கும். தாய்க்கு லேசான காய்ச்சலும் உடல்வலியும்தான் தெரியும், ஆனால் கிருமி நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையைத் தாக்கும். கருச்சிதைவு ஆகலாம், குழந்தை இறந்தும் பிறக்கலாம். ஆகவே உங்களுக்கு என் ஆலோசனை: பிரசவம்வரை சோளத்தை வேகவைத்தே தின்னுங்கள். அண்ணன் தோட்டத்தில் தின்ற அந்த இரண்டு வாய்க்காகக் கவலைப்பட வேண்டாம். மட்டைக்குள்ளிருந்து அப்போதே உரித்த கதிரில் ஆபத்து மிகக் குறைவு. ஆனால் மண்ணில் இருக்கும் கிருமி கையிலும் ஒட்டும், நாலு மாதம் பொறுப்பதில் நமக்கு எதுவும் இழப்பில்லை. காய்ச்சல் வந்தால் மட்டும், சாதாரணக் காய்ச்சல் என்று விடாமல் உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் போய், பச்சைக் காய்கறி தின்றதையும் சொல்லுங்கள். இதே எச்சரிக்கை வீட்டில் அறுபத்தைந்து வயது தாண்டியவர்களுக்கும், புற்றுநோய் மருந்தோ உறுப்புமாற்றுக்குப் பின் தரும் மருந்தோ எடுப்பவர்களுக்கும் பொருந்தும்.

வேகவைப்பது பெரிய வேலையில்லை. கொதிக்கும் தண்ணீரில் முழுக்கதிரை ஐந்து நிமிடம் போட்டால் போதும். குக்கரில் மூன்று விசில், நாலு விசில் என்று வைத்து அதன் சாற்றை எல்லாம் தண்ணீருக்குக் கொடுத்துவிடுகிறோம். பாக்கெட் முத்தாக இருந்தால் நடுவில் உள்ள முத்தும் ஆவி பறக்கும் சூட்டுக்கு வந்து, அந்தச் சூட்டிலேயே இரண்டு நிமிடமாவது நிற்க வேண்டும். மைக்ரோவேவில் வைத்தால் நடுவே ஒருமுறை கிளறிவிடுங்கள், ஓரம் கொதித்து நடு குளிர்ந்திருப்பது அதில் வழக்கம்.

மகளுக்கும் இரண்டு சொல்ல வேண்டும். 2018-ல் இந்தியாவுக்குள் படைப்புழு வந்ததிலிருந்து மக்காச்சோளத்தில் மருந்தடிப்பது கூடிவிட்டது. கடைசியாக எந்த மருந்து, எந்தத் தேதியில் அடித்தார் என்று அண்ணனைக் கேளுங்கள். மருந்துப் புட்டியில் அறுவடைக்கு முன் எத்தனை நாள் விட வேண்டும் என்று அச்சிட்டிருக்கும். அந்த நாள் கடக்கும்வரை பச்சையாகவும் வேண்டாம், அவித்தும் வேண்டாம். கதிர் நுனியில் புழு குடைந்திருந்தால் அந்தத் துண்டை இரண்டு அங்குலம் தாராளமாக வெட்டி எறிந்துவிட்டு மீதியை அவித்துக் கொடுங்கள். பச்சைநிறமோ சாம்பல்நிறமோ பூஞ்சை பூத்திருந்தால் வெட்டிப் பார்க்கவே வேண்டாம், முழுக்கதிரையும் தூக்கி எறியுங்கள். சோளத்தில் வரும் சில பூஞ்சைகள் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சைச் சுரக்கும். அது ஈரலைக் கெடுப்பது, அவித்தாலும் போகாது.

அண்ணன் மொத்தமாகக் கொடுத்து, ஒரே நாளில் தின்ன முடியாவிட்டால், மட்டையோடு ஈரத்துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டு மூன்று நாள் இனிப்பு நன்றாகவே நிற்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால், உரித்த கதிரைக் கொதிநீரில் நாலு நிமிடம் போட்டு, உடனே ஐஸ் தண்ணீரில் ஆறவிட்டு, முத்தை உதிர்த்து, ஈரம் வடித்து ஃப்ரீசரில் வையுங்கள். எடுத்துச் சமைக்கும்போது அதையும் மறுபடி சூடாக்கியே தின்னுங்கள். கதிரை ஒடிக்க விடியற்காலை போவது நல்லது. இரவுக் குளிர் கதிருக்குள் இன்னும் இருக்கும், வீடு வந்து சேரும்வரை சர்க்கரை அவ்வளவாக இறங்காது.